50–30–20 விதியும் பாம்பன் கரையின் ஒரு வருடக் கணக்கும்: நிகழ்வு ஆய்வு

கைக்கு வரும் வருமானத்தில் பாதி தேவைக்கு, 30 சதவீதம் விருப்பச் செலவுக்கு, 20 சதவீதம் சேமிப்புக்கு. குடும்ப வரவு செலவைப் பற்றிப் பேசும் இடமெல்லாம் இந்த விதி வந்துவிடுகிறது. 2005-ல் அமெரிக்காவில் எலிசபெத் வாரனும் அவர் மகள் அமேலியா வாரன் தியாகியும் இதைப் பரவலாக்கினார்கள். வரி பிடித்தது போக மாதாமாதம் ஒரே அளவில் சம்பளம் வாங்கி, வீட்டுக்கடனும் கடன் அட்டையுமாகத் திணறிய நடுத்தர வர்க்கத்தை மனதில் வைத்துச் சொல்லப்பட்ட கணக்கு அது. அந்த இடத்தில் அது நன்றாகவே வேலை செய்கிறது. விசைப்படகில் பங்குக்குப் போகும் ஒரு வீட்டில் அதே விதியைப் போட்டால் எந்த இடத்தில் முறிகிறது, ஏன் முறிகிறது, அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்பதை ஒரு குடும்பத்தின் முழு வருடக் கணக்கை வைத்துப் பார்ப்போம்.

குடும்பம் மாதிரிக்காக அமைத்தது. வருமானமும் செலவும் கணக்கு விளங்குவதற்காக வைத்த எண்கள். உங்கள் வீட்டு எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். தடைக்காலம், அரசு உதவித்தொகை, கடன் விதிகள் ஆகியவை உள்ளபடியே எடுத்தாளப்பட்டுள்ளன.

வீடும் வரவும்

பாம்பன் பக்கம் நான்கு பேர் உள்ள வீடு. கணவர் விசைப்படகுத் தொழிலாளி. மனைவி கரையில் மீன் தரம் பிரிக்கப் போகிறார், கருவாடும் போடுகிறார். இரண்டு பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். வீடு சொந்தம் என்பதால் வாடகை இல்லை.

ராமேசுவரம் தீவில் விசைப்படகுகளுக்கு வாரத்தில் 3 நாள்தான் தொழில். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீதமுள்ள நாட்களிலும் காற்று பலமாக இருந்தால் கடலுக்குப் போவதற்கான அனுமதி டோக்கன் கிடைக்காது, வேலைநிறுத்தம் வந்தால் படகு கட்டிக் கிடக்கும். இதையெல்லாம் கழித்து வருடத்துக்கு 91 தொழில் நாள் என்று வைப்போம். டீசல், ஐஸ், சாப்பாடு என்று எல்லாம் போக, ஒரு தொழிலுக்கு, அதாவது ஒரு முறை கடலுக்குப் போய்வந்தால், கணவர் கைக்கு வரும் பங்கு சராசரி 1,000 ரூபாய். சராசரி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். தடை முடிந்து இறங்கும் நாட்களில் ஒரே தொழிலில் 2,000 வரும், கார்த்திகையில் 300-ம் வரும். மனைவியின் வருமானம் மாதம் 2,000. மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000.

இவற்றைத் தவிர வருடத்தில் மூன்று தொகைகள் மொத்தமாக வருகின்றன. தடைக்கால நிவாரணம் 8,000. மீன்பிடி குறைந்த காலத்துக்கான சிறப்பு உதவித்தொகை 6,000. மூன்றாவது சேமிப்பு நிவாரணத் திட்டம். அதில் நாம் 1,500 கட்டினால் அரசுப் பங்கும் சேர்ந்து 4,500 ஆகத் திரும்பும், அதாவது 3,000 கூடுதல். எல்லாம் கூட்டினால் வருடத்துக்கு 1,44,000. மாதத்துக்குப் பங்கிட்டால் 12,000.

முதல் முறிவு: தேவை சதவீதத்தில் சுருங்காது

விதிப்படி 12,000-ல் 6,000 தேவைக்கு, 3,600 விருப்பத்துக்கு, 2,400 சேமிப்புக்கு. இனி வீட்டின் தேவைச் செலவைப் பார்க்கலாம்.

ரேஷனில் அரிசி இலவசம். பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. கறிக்கு மீன் படகிலிருந்தே வந்துவிடும். அதற்கு மேல் இட்லி அரிசி, காய்கறி, பால், முட்டை, மசாலா, ரேஷன் தீர்ந்த பின் வாங்கும் சாமான் எல்லாம் சேர்த்து 4,300. கேஸ் சிலிண்டர் மாதக் கணக்குக்கு 650. குடிநீர் இந்தக் கரையில் விலைக்குத்தான். கூட்டுக் குடிநீர்க் குழாய் வராத நாட்களையும் சேர்த்து ஒரு நாளைக்கு 3 குடம், குடம் 7 ரூபாய் என்றால் மாதம் 630. சாப்பாடு, அடுப்பு, தண்ணீர் ஆகிய மூன்றுக்கு மட்டும் 5,580 ஆகிவிட்டது. மின்சாரத்தில் முதல் 100 யூனிட் இலவசம் போக மாதத்துக்கு 200, இரண்டு செல்போன் ரீசார்ஜ் 550, பள்ளிச் செலவும் டியூஷனும் 900, மருந்து 700, பஸ் 450 (மகளிருக்கு நகரப் பேருந்து இலவசம் என்பதால்தான் இவ்வளவு குறைவு), சோப்பு, தலைக்கு எண்ணெய், துணிமணி 620. மொத்தம் 9,000. வருமானத்தில் 75 சதவீதம்.

விதியைப் பிடித்துக்கொள்பவர் இந்த 9,000-ஐ 6,000 ஆக்கச் சொல்வார். 3,000-ஐ எங்கே வெட்டுவது? சாப்பாடு, அடுப்பு, தண்ணீர் மூன்றிலும் கை வைக்க முடியாது என்றால் மீதம் உள்ளது 3,420. அதில் 3,000 போக வேண்டுமானால் பள்ளி, மருந்து, பஸ், செல்போன் எல்லாம் போய் மின்கட்டணமும் 220 ரூபாய்க்கு சோப்பும் மட்டுமே மிஞ்சும். செல்போனை விருப்பச் செலவில் எழுதச் சொல்லும் ஆலோசனையும் இங்கே பொருந்தாது. நாளை டோக்கன் உண்டா, படகு இறங்குகிறதா என்ற தகவல் இரவில் செல்போனில்தான் வருகிறது. ரீசார்ஜ் தீர்ந்திருந்தால் பங்கு வேறொருவருக்குப் போய்விடும்.

இதில் பிசகியது குடும்பத்தின் கட்டுப்பாடு இல்லை. நான்கு பேர் சாப்பிட்டு, குடித்து, பள்ளிக்குப் போய்வர ஆகும் செலவுக்கு ரூபாயில் ஓர் அடிமட்டம் உண்டு. வருமானம் குறைந்தால் அதுவும் அதே விகிதத்தில் குறைந்துவிடாது. ஆகவே விதி தன் வீட்டுக்குப் பொருந்துமா என்று பார்க்க நினைப்பவர் அடிமட்டத் தேவையை இரண்டால் பெருக்கினால் போதும். இந்த வீட்டுக்கு 18,000. மாத வருமானம் அதைத் தாண்டாதவரை 50 சதவீதம் என்ற எல்லையை இந்த வீட்டால் தொடவே முடியாது.

இரண்டாவது முறிவு: கடன் தவணை

இந்த வீட்டில் நுண்கடன் ஒன்று ஓடுகிறது. 40,000 ரூபாய், மீதமுள்ள அசலுக்கு மட்டும் ஆண்டுக்கு 24 சதவீத வட்டி, 24 மாதத் தவணை. மாதம் ஏறக்குறைய 2,115. கணக்கு எளிதாக இருக்க 2,100 என்று வைப்போம். கட்டாயத் தவணையைத் தேவையிலும், அதற்கு மேல் கட்டுவதை 20 சதவீதத்திலும் எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால் தேவை 11,100 ஆகிறது, வருமானத்தில் 92 சதவீதத்துக்கும் மேல். விருப்பத்துக்கும் சேமிப்புக்கும் சேர்த்து மாதம் 900 ரூபாய் மிஞ்சுகிறது.

கடன் வாங்கும்போது பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. ரிசர்வ் வங்கியின் 2022 விதிமுறைப்படி, ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தரும் கடன்தான் நுண்கடன். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதில் உள்ள வரம்பு. 12,000-க்கு 6,000 வரை தவணை ஏற்றலாம் என்று அர்த்தமாகிறது. ஆனால் வீட்டின் அடிமட்டம் 9,000. உண்மையில் இந்த வீடு தாங்கும் தவணை 3,000-க்குள்தான். இந்த வரம்பும் சதவீதத்தில்தான் இருக்கிறது, அடிமட்டத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. கடன் கொடுப்பவர் “உங்களுக்கு இன்னும் தகுதி இருக்கு” என்று சொல்வது விதிப்படி சரியாகவே இருக்கலாம். வீட்டால் கட்ட முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை, வருமானத்தில் அடிமட்டத்தைக் கழித்து மிஞ்சும் ரூபாயில் இருக்கிறது.

மூன்றாவது முறிவு: மாதம் என்ற அளவுகோல்

இதுவரை மாதத்துக்கு 12,000 என்று பேசினோம். எந்த மாதத்திலும் அந்த 12,000 அப்படியே வருவதில்லை. மிகப் பெரிய முறிவு இங்கேதான் இருக்கிறது. மேலே பார்த்த இரண்டையும் எண்ணை மாற்றிச் சரிக்கட்டலாம், இதை அப்படிச் சரிக்கட்ட முடியாது.

மொத்தமாக வரும் மூன்று தொகைகளையும் இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, வருடத்தை நான்காகப் பிரிப்போம். ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் தேவையும் தவணையும் சேர்ந்து 33,300.

ஜூலை முதல் செப்டம்பர் வரை நல்ல பாடு, அதாவது வலையில் நல்ல மீன். வரவு 50,000, மிச்சம் 16,700. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். வரவு 23,000, துண்டு 10,300. ஜனவரி முதல் மார்ச் வரை 35,000, மிச்சம் 1,700. ஏப்ரல் முதல் ஜூன் வரை தடைக்காலம் நடுவில் விழுகிறது. வரவு 19,000, துண்டு 14,300. மே மாதத்தில் மட்டும் பார்த்தால் நாட்டுப்படகு மீனும் இருப்புக் கருவாடும் தரும் 2,000-ம் உரிமைத்தொகை 1,000-மாக 3,000 ரூபாய்தான்.

இப்போது விதியை மாதாமாதம் போட்டுப் பார்க்கலாம். ஜூலையில் வந்தது 19,000. விதி 5,700-ஐ விருப்பத்துக்கு என்று எழுதித் தருகிறது. தேவையும் தவணையும் பாதியைத் தாண்டிவிட்டதால் 4,100 ஆகக் குறைத்துக்கொண்டாலும், ஜூலையில் அந்த 4,100 நியாயமான செலவு போலத்தான் தோன்றும். மூன்று மாதத்தில் 20 சதவீதம் என்று 10,000 சேமித்தாகிவிட்டது, விருப்பச் செலவு 6,700. விதியைப் பின்பற்றிய வீடுதான் இது. அடுத்த மூன்று மாதத் துண்டு 10,300. சேமிப்பு முழுக்கப் போய் 300 கடையில் பற்று விழுகிறது. அதுவும் தீபாவளி, கிறிஸ்துமஸ் செலவைச் சேர்க்காமல்.

நவம்பரின் நிலை வேறு. வரவு 6,000. தேவைக்கு 3,000, விருப்பத்துக்கு 1,800, சேமிப்புக்கு 1,200 என்று விதி சொல்கிறது. சாப்பாடு, அடுப்பு, தண்ணீருக்கே 5,580 வேண்டும். ஆக நல்ல மாதத்தில் செலவுக்கு அனுமதி கொடுக்கும் விதி, கெட்ட மாதத்தில் நடக்கவே முடியாததைக் கேட்கிறது.

ஜூலையில் ஒதுக்கிய 10,000 உண்மையில் சேமிப்பே இல்லை. அது நவம்பர் மாதத்து அரிசியும் மே மாதத்துத் தவணையும். கைக்கு முன்கூட்டி வந்துவிட்ட தேவைப் பணம். அதைச் சேமிப்பு என்று எழுதுவதால் இரண்டு கெடுதல் நடக்கிறது. டிசம்பரில் அதை எடுக்கும்போது சேமிப்பைக் கலைத்துவிட்டோம் என்ற குற்ற உணர்வு வந்து, நமக்கெல்லாம் சேமிப்பு ஒத்துவராது என்று விட்டுவிடுகிறார்கள். அதற்கு முன்பே, சேமிப்புக்கு ஒதுக்கியாகிவிட்டது என்ற தெம்பில் மற்ற 6,700-ம் செலவாகிவிட்டிருக்கும்.

ஜூலை, ஆகஸ்டில் வங்கியில் போட்டது டிசம்பருக்குள் திரும்ப வந்துவிடுகிறதா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். அடகு நகை வருடாவருடம் ஏறக்குறைய அதே மாதத்தில் கடைக்குப் போகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் நடந்தால் அந்த வீட்டின் சிக்கல் காலத்தைச் சார்ந்தது. செலவுப் பழக்கத்தைத் திருத்தி அதைத் தீர்க்க முடியாது.

மாற்றுக் கணக்கு: சதவீதம் வேண்டாம், வரிசை போதும்

கணக்கு வருடத்தை ஜனவரியிலோ ஏப்ரலிலோ தொடங்காமல் ஜூன் 15-ல் தொடங்க வேண்டும். படகு கடலுக்கு இறங்கும் நாள் அது. வருடத்தில் பெரிய துண்டு விழும் காலம் கணக்கின் கடைசியில் வருவதால், அதுவரை வந்த பணமெல்லாம் அதற்காகக் காத்திருக்கும் பணம் என்பது எழுதும்போதே தெரியும்.

அடுத்து வாரப்படி. 11,100-ஐ 12-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால் நாளைக்கு ஏறக்குறைய 365 ரூபாய், வாரத்துக்கு 2,555. கடலில் என்ன கிடைத்தாலும் வீட்டுக்கு வாரம் 2,555-தான். தவணையும் அதற்குள் அடங்கும். மிஞ்சியது தடைக்கால இருப்புக்குப் போகும். குறைந்தால் அந்த இருப்பிலிருந்து வரும்.

ஜூலையில் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். மனைவி தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறார். திங்கள் தொழில் 1,300. புதன் 700. சனி 1,700. தன் கூலி 500. மொத்தம் 4,200. அதில் 2,555 கழித்து மிச்சம் 1,645. அதில் 1,600-ஐத் திங்கட்கிழமை கணக்கில் போட்டுவிடுகிறார், 45 ரூபாய் சில்லறை டப்பாவுக்கு. கணவர் கேட்கிறார், “புதன் பாடு கம்மிதானே, இந்த வாரம் பாதிய விட்ருவோமா?” மனைவி சொல்கிறார், “இல்லங்க, வாரக் கணக்குதான். ஒவ்வொரு பாடா பாத்தா ஒண்ணும் நிக்காது.” அவர் சொல்வதே சரி. ஒவ்வொரு தொழிலிலும் இத்தனை சதவீதம் என்று ஒதுக்கினால் 300 ரூபாய் வந்த நாளிலும் ஒதுக்க வேண்டி வரும், அந்த வாரமே அதை உடைக்கவும் வேண்டி வரும். வாரத்துக்கு ஒரு முறை என்றால் மூன்று தொழிலின் ஏற்றஇறக்கம் தனக்குள்ளேயே சரியாகிவிடும்.

இப்படிச் செய்தால் செப்டம்பர் கடைசியில் இருப்பு 16,700. டிசம்பர் வரையிலான துண்டு 10,300-ஐக் கழித்தால் 6,400. சிறப்பு உதவித்தொகை 6,000-ம் சேமிப்பு நிவாரணத்தின் கூடுதல் 3,000-ம் வந்ததும் நேரே இதே இருப்புக்கு. ஜனவரி முதல் மார்ச் வரை 1,700. ஏப்ரல் தொடங்கும்போது 17,100. தடைக்காலத் துண்டு 14,300. நிவாரணப் பணம் தடை தொடங்கிய அன்றே கணக்கில் விழுந்துவிடுவதில்லை. இந்த இருப்பு அது வரும் வரை வீட்டைத் தாங்கும். பண்டிகைக்கு நடுவில் 3,000 எடுத்திருந்தால் 14,100 இருக்கும், 200 ரூபாய்தான் இடிக்கும். விதிப்படி 6,700 விருப்பச் செலவு செய்த வீட்டில் பண்டிகைக்கு ஒன்றும் எடுக்காவிட்டாலும் அதே ஏப்ரலில் 10,400-தான் இருக்கும். அதற்கு 3,900 துண்டு, நிவாரணம் வருவதற்கு முன்பே.

அந்த 3,900 எங்கிருந்து வரும்? நூற்றுக்கு ஐந்து வட்டி என்றால் மாதம் 195. மூன்று மாதம் ஓடினால் 585. அதே பணம் தபால் அலுவலகச் சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 4 சதவீதத்தில் எட்டு மாதம் கிடந்திருந்தால் 104 ரூபாய் வட்டி தந்திருக்கும். தடைக்கால இருப்பின் பயனை அது தரும் வட்டியால் அளந்தால் ஏமாற்றம்தான். அது தவிர்க்கும் வட்டியால் அளக்க வேண்டும். இன்னொரு வழி படகு உரிமையாளரிடம் முன்பணம். அதற்குப் பெரும்பாலும் வட்டி கிடையாது. ஆனால் அது தீரும்வரை அந்தப் படகுதான். வேறு படகில் நல்ல பங்கு கிடைத்தாலும் போக முடியாது. அதன் விலை எந்தத் தாளிலும் எழுதப்படாததால் பலர் அதைக் கடன் என்றே எண்ணுவதில்லை.

இருப்பை எங்கே வைப்பது

மாதாமாதம் ஒரே தொகை கேட்கும் எதுவும் இந்த வீட்டுக்குப் பொருந்தாது. தபால் அலுவலக தொடர் வைப்புக் கணக்கு பாதுகாப்பானதுதான், மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். ஆனால் கட்டத் தவறிய மாதத்துக்கு 100-க்கு 1 ரூபாய் அபராதம், நான்கு தவணை தவறினால் கணக்கே நின்றுபோகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் ஏப்ரல் முதல் ஜூன் வரையும் இந்த வீட்டில் துண்டு. சீட்டிலும் இதே சங்கடம். நவம்பரில் சீட்டுப்பணம் கட்ட முடியாமல் முன்கூட்டியே தள்ளி எடுப்பவர் பெரிய தள்ளுபடிக்கு எடுக்கிறார், பிறகு தடைக்காலத்திலும் கட்டியாக வேண்டும். பதிவு செய்யாத சீட்டு என்றால் ஆபத்து வேறு.

சாதாரண சேமிப்புக் கணக்கே போதும். உரிமைத்தொகை விழும் கணக்கும் இதுவும் தனித்தனியாக இருந்தால் நல்லது. ஏடிஎம் அட்டை இல்லாமல் பாஸ்புக் மட்டும் உள்ள கணக்கு இன்னும் நல்லது, எடுக்க வேண்டுமானால் நேரில் போக வேண்டியிருக்கும். நகையாகச் சேர்ப்பது இந்தக் கரையின் வழக்கம். நீண்ட காலத்துக்கு அது தவறில்லை. ஏப்ரலில் தேவைப்படும் பணத்தைச் செப்டம்பரில் நகையாக்குவதுதான் தவறு. செய்கூலியும் சேதாரமும் கொடுத்து வாங்கி, ஏழு மாதத்தில் அடகு வட்டியும் கட்ட நேரும்.

சேமிப்பு நிவாரணத் திட்டத்துக்கான 1,500-ஐ மட்டும் எதற்காகவும் தள்ளிப்போடக் கூடாது. 1,500 கட்டி 4,500 திரும்பப் பெறும் வேறு சேமிப்பு இந்த வீட்டுக்கு எங்கும் கிடைக்காது. தடைக்கால இருப்புக்கே ஒதுக்க முடியாத வாரத்திலும் இதன் தவணை முதலில் போக வேண்டும்.

உண்மையான மிச்சம் எப்போது தெரியும்

வருட வரவு 1,44,000-ல் 1,33,200 போனால் 10,800. பண்டிகைக்கும் மொய்க்கும் 6,000. மொய்யை விருப்பச் செலவு என்று எழுதுவது ஊர் தெரியாதவர் கணக்கு. நம் வீட்டு விசேஷத்துக்கு வந்த பணத்தைத் திருப்பித் தருவது அது, நோட்டில் பெயரோடு இருக்கிறது. ஆனால் யாருக்கு எவ்வளவு என்று தெரியும் என்பதால், அதில் பாதியையாவது ஜூன் கடைசிக்குப் பிறகு வரும் விசேஷங்களுக்கு என்று திட்டமிடலாம். அது போக 4,800, மாதம் 400. விருப்பமும் சேமிப்பும் அதற்குள்தான். வருமானத்தில் 3.3 சதவீதம். விதி கேட்ட 50 சதவீதத்தின் பக்கத்தில் வைத்தால் இந்த 3.3 மிகச் சிறியது. ஆனால் இந்த வீட்டில் உண்மையாக இருக்கும் எண் இதுதான்.

அது நல்ல பாடு உள்ள ஜூலையிலும் தெரியாது, ஆகஸ்டிலும் தெரியாது. தடை முடிந்து, நிவாரணமும் வந்து, பழைய துண்டெல்லாம் அடைந்த பிறகு ஜூன் கடைசியில் போன வருடக் கணக்கை மூடும்போதுதான் கையில் நிற்கும். புது மிக்சி, சைக்கிள், வீட்டுக் கூரை போன்ற முடிவுகளுக்கு அதுவே நேரம். அப்போதும் வரிசை ஒன்று உண்டு. ஐந்து வட்டிக் கடன் இருந்தால் முதலில் அது. பிறகு நுண்கடனில் கொஞ்சம் முன்கூட்டிக் கட்டலாம், நுண்கடனுக்கு முன்கூட்டிக் கட்டும் அபராதம் கிடையாது என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கட்டும் முன் ஒன்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: இந்தப் பணம் அசலில் கழியுமா, அடுத்த தவணைகளுக்கு வரவு வைக்கப்படுமா? தடைக்காலத்து இரண்டு தவணைக்காக ஆகஸ்டில் முன்பே கட்டியவருக்கு அது அசலில் கழிந்து, மே மாதம் மறுபடி முழுத் தவணை கேட்டால் போட்ட திட்டமே பாழாகிவிடும்.

கணக்கு தாங்கும் எல்லை

மனைவியின் வருமானமும் உரிமைத்தொகையும் மொத்தத் தொகைகளும் தருவது 53,000. மீதி 80,200-ஐக் கடல் தர வேண்டும். ஒரு தொழிலுக்கு 1,000 என்றால் சுமார் 80 தொழில் நாள். அதற்குக் கீழே குறையும் ஒவ்வொரு நாளும் 1,000 ரூபாய் கடன். படகு பிடிபட்டாலும், கணவருக்கு ஒரு மாதம் உடம்பு முடியாமல் போனாலும், காற்றுக் காலம் நீண்டாலும் வரவு செலவுக் கணக்கு அதை ஈடுகட்டாது. செலவைப் பிரிக்கும் எந்த முறையாலும் வராத பணத்தைக் கொண்டுவர முடியாது.

கணக்கால் முடிவது, குறைவை முன்கூட்டிச் சொல்வது. ஒவ்வொரு தொழிலையும் காலண்டரில் ஒரு கோடாகப் போட்டு வந்தால் டிசம்பர் 31-க்குள் 59 கோடு இருக்க வேண்டும். 48-தான் இருக்கிறது என்றால் 11,000 ரூபாய் குறைந்துவிட்டது. வருடத்தின் முழு மிச்சமான 10,800-ம் போய்விட்டது என்று ஜனவரியிலேயே தெரியும். மொய்த் தேதிகளைப் பேசி மாற்றவும், குழுவிலோ கடன் கொடுத்தவரிடமோ ஏப்ரல், மே தவணையைத் தள்ளிவைக்க எழுத்தில் கேட்கவும் அப்போது நேரம் இருக்கும். ஒரு தவணைகூடத் தவறாத கையோடு ஜனவரியில் கேட்பவரின் பேச்சு எடுபடும். இரண்டு தவணை தவறிய பிறகு மே மாதத்தில் கேட்டால், பழைய தவணையை அடைக்கவே இன்னொரு கடனைக் கையில் கொடுப்பார்கள். அதை வாங்கினால் அடுத்த ஜூலையில் வாரப்படி 2,555-ல் நிற்காது. புதுத் தவணையைச் சேர்த்து மறுபடி போட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.